ஷி – த: 'த' எப்போதும் கடைசியில்தானா?

தேனிக்காரன்:
சீனம் படிக்கிற தம்பிகளுக்கு ஒரு சுருக்கு வழி. இறந்தகாலம் வேண்டுமா? நடுவில் ஷி போடு, வாக்கியத்தின் கடைசியில் த போடு. 'வோ ஷி ட்சுவோதியென் லாய் த', நேற்று வந்தேன். அவ்வளவுதான். த எப்போதும் கடைசியில்தான், மாறவே மாறாது.

வெண்ணிலா:
இதைப் பார்த்ததும் கோபம்தான் வருகிறது. இப்படிச் சொல்லிக்கொடுத்துக் கெட்டுப்போன வாக்கியங்களைத்தான் நான் தினமும் திருத்துகிறேன்.

இது இறந்தகாலமே இல்லை. நண்பர் உங்கள் வாசலில் பெட்டியோடு நிற்கிறார். வந்துவிட்டார் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, அதை யாரும் சொல்லத் தேவையில்லை. தெரியாதது எப்படி வந்தார் என்பது மட்டும்தான். அப்போதுதான் 'நீ ஷி ட்சென்ம லாய் த' என்று கேட்கிறோம். அவர் 'வோ ஷி ட்சுவோ ஹுவோச்ச லாய் த' என்கிறார், ரயிலில். வந்ததே செய்தியாக இருந்தால் 'தா லாய் ல', அவர் வந்துவிட்டார், என்பதோடு சரி, அங்கே ஷி–த வராது. 'நேற்று என்ன செய்தாய்' என்று யாராவது கேட்டு நீங்கள் ஷி–த போட்டு ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் தான் எதையோ கேட்காமல் விட்டுவிட்டோமோ என்று யோசிப்பார்.

அப்புறம், த எப்போதும் கடைசியில் என்பதும் தவறு. டிக்கெட்டை எங்கே வாங்கினாய் என்பதற்கு பெய்ஜிங்கில் 'நீ ஷி ட்சாய் நார் மாய் த பியாவ்' என்பார்கள். த நடுவில், டிக்கெட் கடைசியில்.

தேனிக்காரன்:
எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் முதல் நிலைப் பாடநூலின் கடைசிப் பாடத்தின் தலைப்பு என்ன? 'வோ ஷி ட்சுவோ ஃபெய்ஜி லாய் த'. த எங்கே இருக்கிறது? கடைசியில். பாடநூல் போட்டவர்களை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா மேடம்?

வெண்ணிலா:
அந்த வாக்கியத்தில் லாய் என்ற வினைக்குப் பின்னால் எதுவுமே இல்லையே! வினையோடு வாக்கியம் முடிகிறது, த வேறெங்கே போகும்? வினைக்குப் பின்னால் ஒரு பொருள் வரும்போதுதான் இந்தக் கேள்வியே எழுகிறது. டிக்கெட், கார், பணம், இப்படி ஏதாவது. 'மாய் த பியாவ்' என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

தேனிக்காரன்:
என் ஆசிரியர் குவாங்சோக்காரர். அவர் 'மாய் பியாவ் த' என்றுதான் சொல்வார். த கடைசியில்.

வெண்ணிலா:
சொல்வார். தெற்கிலும் தைவானிலும் அப்படி நிறையக் கேட்கலாம், அதைத் தப்பு என்று நான் சொல்லவே இல்லை. வடக்கில் த நடுவில் வருவதுதான் வாய்க்கு வருகிறது. என் சண்டை 'எப்போதும்' என்ற அந்த ஒரு சொல்லோடு.

யீவு பாஸ்கர்:
நடுவில் வந்ததற்கு மன்னிக்கணும். நான் யீவுவில் பொம்மை சரக்கு எடுக்கிறவன், இலக்கணம் தெரியாது. ஒருமுறை கடைக்கார அம்மா 'நீ ஷென்ம ஷிஹௌ ஃபு த சியென்' என்று கேட்டார், எப்போது பணம் கட்டினாய் என்று. நான் 'வோ ட்சுவோதியென் ஃபு ல சியென்' என்றேன். அவர் உடனே போனை எடுத்துக் கணக்கைத் திரும்பப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இன்னொரு தடவை பணம் வந்திருக்கிறது என்று நினைத்தாராம். பக்கத்துக் கடைப் பையன் வந்துதான் விளக்கினான்.

வெண்ணிலா:
பாஸ்கர் அண்ணே, இதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்கிறேன். பணம் வந்தது அந்த அம்மாவுக்குத் தெரியும், அவர் கேட்டது எந்த நாளில் என்பதை மட்டும். நீங்கள் ல போட்டதும் அது புதுச் செய்தி மாதிரி காதில் விழுந்துவிட்டது. 'வோ ஷி ட்சுவோதியென் ஃபு த' என்று நிறுத்தியிருந்தால் போதும். அவர் கேள்வியில் த எங்கே இருந்தது என்று தேனிக்காரனும் பார்க்கட்டும். ஃபு த சியென்!

தேனிக்காரன்:
சந்தையில் பேசுவதெல்லாம் இலக்கணமா? சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். 'உனக்கு யார் சொன்னது' என்பதற்குச் சீனர்கள் 'ஷெய் காவ்சு நீ த' என்கிறார்கள். வினைக்குப் பின்னால் 'நீ' இருக்கிறது, அதற்கும் பின்னால் த. கடைசியில்!

வெண்ணிலா:
'நீ', 'தா' மாதிரி ஆளைக் குறிக்கும் சொற்கள் வந்தால் த பெரும்பாலும் அவற்றைத் தாண்டித்தான் நிற்கும். டிக்கெட்டும் நீயும் ஒன்றல்ல. ஒரு வாக்கியத்தைக் காட்டி 'எப்போதும்' என்று சட்டம் போட முடியாது.

மருத்துவ மாணவி:
அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். 'ஷி த' என்றால் 'ஆமாம்' தானே? வார்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்புறம் டாக்டர் நோயாளியிடம் 'ஷென்ம ஷிஹௌ காய்ஷி தங் த' என்று கேட்கிறார். வலி எப்போது தொடங்கியது என்று புரிகிறது, ஆனால் ஷி-யைக் காணோமே?

வெண்ணிலா:
அந்த 'ஆமாம்' வேறு, அதை விட்டுவிடு. டாக்டர் கேட்டது சரியான ஷி–த வாக்கியம்தான். பேச்சில் ஷி உதிர்ந்துபோகும், த உதிராது. ஆனால் மறுக்கும்போது ஷி-யை விட முடியாது. 'வோ பூ ஷி ட்சுவோ ஃபெய்ஜி லாய் த' என்றால் வந்தேன், ஆனால் விமானத்தில் இல்லை. 'வோ மெய் லாய்' என்றால் வரவே இல்லை. நோயாளி 'நேற்று தொடங்கியதல்ல' என்பதை 'வலியே இல்லை' என்று நீ எழுதிவிடக் கூடாது.

கண்ணப்பன்:
இதற்கு ஏன் இத்தனை பாடு? தமிழில் 'நான் வந்தது ரயிலில்' என்கிறோமே, அதுதான் ஷி–த. அப்படியே மாற்றிப் போட்டால் முடிந்தது. நம் மொழியில் இல்லாதது எதுவும் அங்கே இல்லை.

வெண்ணிலா:
ஐயா, பாதி தூரம் அது வரும். 'நான் வரப்போவது நாளைக்கு' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். இந்த ஷி–த நடந்து முடிந்ததற்கு மட்டும்தான். 'நான் வாங்கியது டிக்கெட்' என்று பொருளை அழுத்த வேண்டுமானாலும் இது உதவாது, 'வோ மாய் த ஷி பியாவ்' என்று வாக்கியத்தையே மாற்றிக் கட்ட வேண்டும்.

தேனிக்காரன்:
பிடிபட்டார்! நடந்து முடிந்ததற்கு மட்டும் என்றால் அதுதானே இறந்தகாலம்? நான் முதலில் சொன்னதும் அதுதான்.

வெண்ணிலா:
'தா ஷி மாய் ச்ச த' என்றால் என்ன அர்த்தம்? அவர் கார் விற்கிறவர். இன்றும் விற்கிறார், நாளையும் விற்பார். ஷி இருக்கிறது, கடைசியில் த-வும் இருக்கிறது. இதில் உங்கள் இறந்தகாலம் எங்கே?

கண்ணப்பன்:
மாய் என்றால் வாங்குவது என்றீர்கள், இப்போது விற்பது என்கிறீர்கள். எது சரி?

வெண்ணிலா:
தொனி வேறு. வாங்குவதற்கு மூன்றாம் தொனி, விற்பதற்கு நான்காம் தொனி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

கண்ணப்பன்:
தமிழ் எழுத்தில் குறை இல்லை அம்மா. தொனி எண்ணைப் பக்கத்தில் போட்டு எழுதத் தெரியாதவர்களிடம்தான் குறை.

வெண்ணிலா:
நான் தமிழைக் குறை சொல்லவில்லை. பேச்சைத் திசை திருப்பாதீர்கள்.

தேனிக்காரன்:
திசை திருப்புவது நீங்கள். கார் விற்கிறவர் வேறு ஷி–த என்று உங்களுக்கே தெரியும், அதைக் கொண்டுவந்து என் விதியை உடைக்கப் பார்க்கிறீர்கள். பெய்ஜிங்கில் இருந்தவர்களுக்கு எப்போதுமே இந்தத் திமிர். குவாங்சோவில் பேசுவது சீனமில்லையா?

வெண்ணிலா:
வேறு என்று எனக்குத் தெரியும். ஷி போடு, த போடு என்ற உங்கள் சுருக்கு வழியில் மாணவனுக்கு எப்படித் தெரியும்? த என்ற அந்த ஒரே எழுத்தை சீன இலக்கண அறிஞர் ஜு தஷி 1961-இலேயே மூன்றாகப் பிரித்துக் காட்டினார். நீங்கள் அதை ஒரே வரியில் அடக்கிவிட்டீர்கள். குவாங்சோவைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, மேலே போய்ப் படியுங்கள்.

யீவு பாஸ்கர்:
சண்டை போடாதீர்கள். நான் நாளைக்குக் கடையில் 'ஃபு த சியென்' என்று கேட்பதா, 'ஃபு சியென் த' என்று கேட்பதா?

வெண்ணிலா:
யீவுவில் இரண்டுமே புரியும். அந்த அம்மா சொன்னபடியே சொல்லுங்கள், த நடுவில்.

தேனிக்காரன்:
கடைசியில் போடுங்கள் அண்ணே. தேர்வு எழுதப் போனாலும் அதுதான் காப்பாற்றும்.

வெண்ணிலா:
அவர் எந்தத் தேர்வும் எழுதப் போவதில்லை. 'மாய் த பியாவ்' பற்றி நான் கேட்டதற்கு இதுவரை பதில் வரவில்லை.

தேனிக்காரன்:
சொல்லியாகிவிட்டது. த கடைசியில்.