முதல் மெசேஜிலேயே செம்புலப் பெயல்நீர்: ஓவரா, இல்லையா?

மழைக்காகிதம்: டேட்டிங் ஆப்ல ஒரு மேட்ச். புரொஃபைல்ல 'புத்தகம், மழை'ன்னு போட்டிருந்தாங்க. நான் முதல் மெசேஜா "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" அனுப்பினேன். பதில்: "ஓ நைஸ் 🙂". நாலு நாளா அதோட நிக்குது. வரி தப்பா, நான் தப்பா?

கறார்கந்தசாமி: ரெண்டும் இல்ல, உங்களுக்குப் பொருத்தமான ஆள் அவங்க இல்ல. குறுந்தொகை தெரிஞ்சவங்க அந்த வரிக்குத் துள்ளிக் குதிச்சிருப்பாங்க. நான் இதை ஒரு வடிகட்டியாத்தான் பார்க்கிறேன். அது சங்க இலக்கியத்தோட முதல் பார்வைக் காதல். முதல் மெசேஜுக்கு அதைவிடப் பொருத்தம் எது?

நிலாமுற்றம்: இதே வரி எனக்கு மூணு பேர்கிட்ட இருந்து வந்திருக்கு. மூணாவது ஆள் பாட்டோட கீழே உரையும் சேர்த்து அனுப்பினார். அதுக்கு நான் என்ன எழுதறது? 'உண்மை, மண்ணும் நீரும் கலக்கும்'னா? கந்தசாமி சார், எனக்குக் குறுந்தொகை தெரியும். ஆனா துள்ளல.

பழைய_ஏடு: கந்தசாமி சொன்னதுல பாதி சரி. முன்பின் தெரியாத ரெண்டு பேர் என்பது பாட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது முதல் பார்வையில் சொன்னதில்லை. குறுந்தொகை 40, குறிஞ்சித் திணை. இருவரும் கூடிய பிறகு, 'இவன் விட்டுப் போய்விடுவானோ' என்று அவள் முகம் மாறுகிறது. அதைக் கண்ட தலைவன் அவள் பயத்தைத் தணிக்கச் சொல்வதாகத்தான் துறைக் குறிப்பு. 'கலந்தனவே' என்பது முடிந்துபோன காரியம். வணக்கம்கூடச் சொல்லாத ஒருவரிடம் 'நம் நெஞ்சம் கலந்துவிட்டது' என்றால், அவர் சிரிப்புப் பொம்மை போடாமல் வேறு என்ன செய்வார்?

இளவேனில்77: எங்க தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில இதே வரிதான் போட்டோம். எல்லாரும் பாராட்டினாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பறதுல என்ன தப்பு?

பழைய_ஏடு: அம்மா, இங்கே பேச்சு பத்திரிகை பற்றி இல்லை. ஆனால் நல்ல இடத்தைக் காட்டினீர்கள். பத்திரிகையில் அது பொருந்தும், அங்கே கலந்தாயிற்று.

கறார்கந்தசாமி: துறை எல்லாம் பின்னாடி வந்தவங்க எழுதினது. பாட்டுக்குள்ள 'கூடினோம்'னு எங்க இருக்கு? சரி, அதை விடுங்க. 'நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று' அனுப்பலாமே. தலைவன் தன் காதலை அளந்து சொல்றான்.

பழைய_ஏடு: துறை பின்னால் வந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் இறந்தகாலம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் குறுந்தொகை மூன்றாம் பாட்டு தலைவி பேச்சு. ஆண் அனுப்பக் கூடாது என்று சட்டமில்லை, ஆனால் தெரிந்தவர் மெல்லச் சிரிப்பார்.

டீசர்_தம்பி: சங்கமே வேணாம் ப்ரோ. 'அலைபாயுதே' ரயில் டயலாக் போடுங்க. "ஆனா இதெல்லாம் நடந்துடுமோன்னு பயமா இருக்கு". எல்லாருக்கும் தெரியும், அர்த்தம் சொல்ல வேணாம்.

நிலாமுற்றம்: தம்பி, எல்லாருக்கும் தெரியும்ங்கறதுதான் அதுல பிரச்சினையே. 2000-ல வந்த படம். முதல் வார்த்தை வந்ததுமே கடைசி வார்த்தை நமக்குள்ள ஓடிடுது. அப்புறம் அனுப்பின ஆள் எங்கே? ஆனா வசனம் நல்லா எழுதினது. 'விரும்பல'ன்னு ஆரம்பிச்சு, மறுக்க எதிராளிக்கு இடம் விடுது. அந்த நாசூக்கு நமக்கு வேணும், வசனம் வேணாம்.

வரியே ஆகாதுன்னும் நான் சொல்லல. ஒருத்தரோட ரெண்டு வாரம் பேசிட்டு முதல் வீடியோ கால். ரெண்டு பேருக்கும் வாய் வரல, அவர் ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. நான் சாட்ல "வாய்ச்சொற்கள் என்ன பயனும் இல"ன்னு மட்டும் தட்டினேன். குறள் 1100-ஓட பின்பாதி. அவர் படிச்சுட்டு, "முன்பாதி என்ன?"ன்னு கேட்டார். அங்கிருந்து பேச்சு ஓடுச்சு. அதையே முதல் நாள் அனுப்பியிருந்தா, 'பேசாதே'ன்னு சொல்ற மாதிரி இருந்திருக்கும்!

பழைய_ஏடு: பாதியை மட்டும் கொடுத்தது அழகு. மழைக்காகிதம், உங்கள் பாட்டிலும் அப்படி ஓர் இடம் உண்டு. மூன்றாம் அடி: "யானும் நீயும் எவ்வழி யறிதும்". கேள்வியாக இருக்கிறது; இன்னும் எதுவும் கலக்கவில்லை. அந்நியர் இருவருக்கு அந்த அடிதான்.

கறார்கந்தசாமி: நாலு நாள் கழிச்சு இன்னொரு அடியா? விட்டுடுங்க. கெஞ்சற மாதிரி ஆகிடும்.

மழைக்காகிதம்: அனுப்பிட்டேன். "போன தடவை கடைசி அடியிலிருந்து ஆரம்பிச்சுட்டேன், மன்னிக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு: யானும் நீயும் எவ்வழி அறிதும்? ஆப் வழிதான்." ஒரு மணி நேரத்துல பதில்: "😂 முதல்லயே இப்படிப் பேசியிருக்கலாம்ல. தேடிப் பார்த்தேன், முதல் அடியில வர்ற ஞாய்னா யாரு?"

நிலாமுற்றம்: 'உன் அம்மா'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு, 'நீங்க என்ன புத்தகம் படிக்கிறீங்க'ன்னு கேளுங்க. உரை எழுதிடாதீங்க.

மழைக்காகிதம்: ஏற்கனவே ரெண்டு பத்தி போயிடுச்சு.