‘ரிட்ராக்‌ஷன்’: நீக்கமா, மீளப்பெறலா, விலக்கமா?

செல்வி: வணக்கம். ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதுகிறேன். நேற்று ஒரு மாணவியின் 84 மேற்கோள்களை, மேற்கோள்களைத் தொகுத்து வைக்கும் ஸொட்டீரோ மென்பொருளில் ஏற்றியதும் ஒன்றின் மேல் சிவப்புப் பட்டை வந்தது. வெளியிட்ட பிறகு இதழே ரிட்ராக்ட் செய்த, அதாவது கைவிட்ட கட்டுரை. ‘திரும்பப் பெற்றது’ என்று எழுதினால் கட்டுரையாளரே வாங்கிக்கொண்டது போல் ஒலிக்கிறது. வேறு சொல் உண்டா?

முருகேசன்: ‘நீக்கிய கட்டுரை’ போதுமே. பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டால் வேலை முடிந்தது.

தர்ஷினி: எங்கள் பக்கம் ‘மீளப்பெறல்’ என்போம். நானும் போன வருடம் என் கட்டுரையை மீளப்பெற்றேன், மதிப்பாய்வு இழுத்துக்கொண்டே போனதால்.

இராமநாதன்: தர்ஷினி, உங்களுடையது வெளிவருவதற்கு முன்பே நடந்தது. அது வேறு. செல்வி கேட்பது அச்சேறிய பிறகு இதழ் கைவிடுவது. கட்டுரையாளர் சம்மதிக்காமலும் நடக்கும். முருகேசன், ‘நீக்கம்’ பொருந்தாது. கட்டுரை பெரும்பாலும் இதழின் தளத்திலேயே இருக்கும், பக்கங்களின் குறுக்கே முத்திரையோடு.

பட்டியலிலிருந்து எடுத்தால் முடிந்தது என்பதும் பாதிதான். ஜெர்மனியின் மயக்கவியல் மருத்துவர் யோகிம் போல்ட்டை நினைத்துப் பாருங்கள். 2011-இல் அவருடைய 80-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் இப்படிப் போயின. அவற்றுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருந்ததைக் காட்ட முடியவில்லை. நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் ஸ்டார்ச் கரைசல் பற்றி 2013-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த, பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வு அவருடைய 7 சோதனைகளைச் சேர்த்தும் விட்டும் கணக்கிட்டது. விகிதம் 1 என்றால் வித்தியாசம் இல்லை என்று பொருள்; சேர்த்தபோது இறப்பு அபாய விகிதம் 1.07, நிச்சயமில்லாத விளிம்பில் நின்றது. விட்டபோது 1.09, அபாயம் தெளிவாகத் தெரிந்தது. அந்த 7 சோதனைகளில் இருந்தவர்கள் வெறும் 590 பேர்.

ஆகவே உங்கள் மாணவி அந்தக் கட்டுரையின் எண்ணைக் கணக்கில் எடுத்திருந்தால், அதை விட்டு மறுபடி கணக்கிட்டு, விட்டதையும் எழுத வேண்டும். முன்னுரையில் ஒரு வரிக்கு மட்டும் என்றால் வேறு சான்று போதும். அந்தக் கட்டுரையை இதழ் கைவிட்ட வரலாற்றையே பேசுகிறார் என்றால் மேற்கோள் இருக்கட்டும், இதழின் அறிவிப்பையும் சேர்த்துக் காட்டட்டும்.

பட்டையை மட்டும் நம்பவும் வேண்டாம். ஸொட்டீரோ, கட்டுரையின் நிலையான அடையாள எண்ணான டிஓஐ அல்லது மருத்துவக் கட்டுரைத் தளமான பப்மெட்டின் எண்ணை வைத்துத்தான் பொருத்துகிறது. கையால் தட்டிய மேற்கோள் தப்பிவிடும். போல்ட்டின் சோதனைகளைச் சேர்த்துக்கொண்ட பழைய தொகுப்பாய்வுகளுக்கும், அவற்றையே இதழ்கள் கைவிடாதவரை, பட்டை வராது.

செல்வி: அந்தப் பழைய தொகுப்பாய்வு ஒன்று பட்டியலில் இருக்கிறது ஐயா! இன்றே பார்க்கச் சொல்கிறேன். அப்புறம், ‘செல்லாத கட்டுரை’ என்றால்?

இராமநாதன்: ஒப்புதல் இல்லை என்பதற்காக மட்டும் இதழ் கைவிட்ட கட்டுரையின் தரவு பொய் என்று ஆகிவிடாது. ‘செல்லாத’ அதிகம் சொல்லிவிடுகிறது. ‘இதழ்விலக்கம்’, ‘விலக்கிய கட்டுரை’ என்று வைக்கலாமா? யார் செய்தது என்பது சொல்லிலேயே தெரிகிறது.

தர்ஷினி: ‘ஊர்விலக்கம்’ நினைவுக்கு வருகிறது ஐயா. தன் பிழையைத் தானே கண்டு அறிவித்தவருக்கு அது கொடுமை. ‘மீளப்பெறல்’தான் எனக்குச் சரி.

செல்வி: வழிகாட்டியில் இப்போதைக்கு ‘விலக்கிய கட்டுரை’ என்று போடுகிறேன். தானே அறிவித்தவர்களுக்கு வேறு சொல் வேண்டுமா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன்.