கருத்துப் படிவத்தில் ‘ஃபேர்’ என்ற கட்டத்துக்குப் ‘பரவாயில்லை’ பொருந்துமா?

திண்டுக்கல் செல்வி
பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறோம். பெங்களூரில் எங்கள் தலைமையகம் ஆங்கிலத்தில் நடத்தும் அதே பயிலரங்கு. முடிவில் கொடுக்கும் படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள்: எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர். மதிப்பெண் 5 முதல் 1 வரை. தமிழில் நான் போட்டிருப்பவை: மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம். இரண்டு ஊர் சராசரிகளையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்ப்பார்கள். தமிழ்ப் படிவம் ஆங்கிலப் படிவம் கேட்பதையே கேட்கிறதா?

கோவைக் குமரன்
செல்வி, ஆங்கிலப் படிவமே கோணல். ஐந்தில் மூன்று கட்டங்கள் பாராட்டு, ஒன்று இழுபறி, ஒன்றுதான் குறை. அந்தக் கோணலை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? மிக நன்று, நன்று, சராசரி, மோசம், மிக மோசம் என்று போடுங்கள். நடுவில் நடு, இரு பக்கமும் இரண்டிரண்டு. படிக்கிற ஆசிரியருக்கு ஒரு நொடியில் விளங்கும். பதினைந்து ஆண்டுகளாகப் பயிற்சி நடத்துகிறேன்; இந்த வரிசையில் யாரும் தடுமாறிப் பார்த்ததில்லை.

அளவுகோல்
குமரன் ஐயா சொல்லும் வரிசை தனியாக நின்றால் நல்ல வரிசைதான். பெங்களூர் அட்டவணைக்குள் போனால்தான் சிக்கல்.

ஓர் ஆசிரியை ‘குழுச் செயல்பாடுகள் எப்படி இருந்தன’ என்ற கேள்விக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனத்தில் இருப்பது ‘நன்றாக இருந்தது’, அவ்வளவுதான். ஆங்கிலப் படிவத்தில் அவர் ‘குட்’ கட்டத்தைத் தொடுவார். அது மூன்றாவது கட்டம், மதிப்பெண் 3. குமரன் ஐயாவின் வரிசையில் ‘நன்று’ இரண்டாவது கட்டம், மதிப்பெண் 4. கருத்து மாறவில்லை, பயிலரங்கும் மாறவில்லை, ஒரு முழு மதிப்பெண் ஏறிவிட்டது. அட்டவணையைப் பார்க்கும் மேலாளர் திண்டுக்கல் பயிற்றுநர்கள் பெங்களூர்க்காரர்களைவிட மேல் என்று முடிவு கட்டுவார்.

மூலத்தில் நடுக்கட்டம் நடுநிலை அல்ல, பாராட்டு. பயிலரங்குகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லதாகவே சொல்வார்கள். அந்த நல்லதற்குள் வேறுபாடு காணத்தான் மேல் பக்கத்தில் மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். சமச்சீராக்கினால் அந்த வேறுபாடு போய்விடும். ஆகவே செல்வி போட்ட மேல் மூன்றும் சரி. எனக்குச் சந்தேகம் கீழே உள்ள இரண்டின் மேல்தான்.

மொழிபெயர்ப்பாளர் சங்கர்
இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்ப் படிவத்தைக் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். திரும்பி வந்தது மூலத்தோடு ஒத்திருந்தால் வேலை முடிந்தது. 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க இதுதான் நடைமுறை.

அளவுகோல்
சங்கர், அந்தச் சோதனை பெரிய தவறுகளைப் பிடிக்கும். ‘ஃபேர்’ என்பதை ‘நியாயமானது’ என்று யாராவது போட்டிருந்தால் உடனே சிக்கும். ஆனால் ‘மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம்’ என்ற வரிசையைப் பார்க்கிற எந்த நல்ல மொழிபெயர்ப்பாளரும், நன்றுக்குக் கீழே மோசத்துக்கு மேலே இருப்பது ‘ஃபேர்’ என்று ஊகித்துவிடுவார். ‘சுமார்’ என்று போட்டாலும் ‘ஃபேர்’ என்றே திரும்பும். இரண்டும் ஒன்றா? ‘சமையல் பரவாயில்லை’ என்று சொன்னால் அடுத்த முறையும் அந்தக் கடைக்குப் போகலாம் என்று தோன்றும். ‘சமையல் சுமார்’ என்றால் போகத் தோன்றாது. திருப்பி மொழிபெயர்ப்பது சொல்லின் பொருளைக் காட்டும்; அதன் கனத்தைக் காட்டாது.

இங்கே தலைகீழாகத் தெரிகிற ஒன்றும் இருக்கிறது. நான்காவது கட்டத்துக்கு மென்மையான சொல்லைப் போட்டால் மதிப்பெண் கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குறையும். ‘குட்’ என்று போட்டிருக்கக்கூடிய, அரை மனத்தோடு இருப்பவர்கள், ‘பரவாயில்லை’ என்பதைப் பார்த்ததும் கூச்சமில்லாமல் அங்கே இறங்கிவிடுவார்கள். 40 பேரில் 10 பேர் அப்படி 3இலிருந்து 2க்கு இறங்கினால் சராசரி 0.25 சரியும். கடுமையான சொல் என்றால் எதிர்மாறு: அதைத் தொட விரும்பாமல் ஒரு படி மேலே போவார்கள், சராசரி ஏறும்.

யாழ் நிலவன்
எங்கள் படிவத்திலும் இதே தலைவலி. ‘செயல்பாட்டுக்கு நேரம் போதவில்லை’ என்ற கூற்றுக்கு ‘உடன்படவில்லை’ என்று ஒரு கட்டம். போதவில்லை என்பதற்கு உடன்படவில்லை என்றால் போதியது என்று பொருள். களைத்துப்போன மாலையில் யார் இதைப் பிரித்துப் பார்ப்பார்கள்? பலர் எதிர்ப்பக்கக் கட்டத்தில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கேள்வியில் நேரம் போதியது என்று எழுதியிருந்தார்கள். ‘மறுக்கிறேன்’ என்று மாற்றினோம். அது நீதிமன்றத்தில் நிற்பதுபோல் ஒலித்தது.

அளவுகோல்
நிலவன், செல்வி கேட்பது தர வரிசையைப் பற்றி. உங்களுடையது உடன்பாட்டு வரிசை, வேறு நோய். ஆனால் அதற்கு மருந்து எளிது. கூற்றை விட்டுவிட்டு நேராகக் கேளுங்கள்: ‘செயல்பாட்டுக்குக் கொடுத்த நேரம் எப்படி இருந்தது?’ கட்டங்கள்: மிகக் குறைவு, சற்றுக் குறைவு, போதுமானது, சற்று அதிகம், மிக அதிகம். எதிர்மறை மேல் எதிர்மறை விழாது. எது சொன்னாலும் ஆமாம் போடும் பழக்கமும் பாதிக்காது.

யாழ் நிலவன்
நன்றி. செல்வி அக்காவுக்கும் ஒன்று: இலங்கையில் இருந்து யாராவது வருவதாக இருந்தால் ‘சாதாரணம்’ என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் பரீட்சையில் சாதாரண சித்தி என்றால் கீழ்ப்படித் தேர்ச்சி. அந்த நினைவோடுதான் படிப்போம்.

மீனாட்சி டீச்சர்
படிவம் நிரப்புகிற பக்கத்தில் இருந்து பேசுகிறேன். நீங்கள் என்ன சொல் போட்டாலும் ‘மோசம்’ என்ற கட்டத்தில் நான் டிக் போட மாட்டேன். பயிற்சி தந்தவர் எதிரில் நிற்கிறார், படிவத்தைக் கையால் வாங்குகிறார், மேலே என் பள்ளியின் பெயர் இருக்கிறது. எல்லோரும் முதல் இரண்டு கட்டத்தில் போட்டுவிட்டுப் பஸ் பிடிக்கப் போவோம். முதலில் ஒரு பெட்டி வையுங்கள், பெயரை எடுங்கள். பிறகு சொல்லைப் பற்றிப் பேசலாம்.

கோவைக் குமரன்
டீச்சர் சொன்னதுதான் முழு உண்மை. பெங்களூரில் கைபேசியில் பெயரில்லாமல் நிரப்புகிறார்கள், இங்கே காகிதத்தில் பெயரோடு நிரப்புகிறார்கள் என்றால் சொல்லை எவ்வளவு இழைத்தும் பயனில்லை.

அளவுகோல்
முழுவதும் ஏற்கிறேன். பெட்டி கட்டாயம் வேண்டும். ஆனால் பெட்டி வைத்த பிறகும் ‘மோசம்’ கனமான சொல்தான். ஆங்கிலத்தில் ‘புவர்’ என்பதை ஓர் அமர்வைப் பற்றி முகம் சுளிக்காமல் சொல்லலாம். நம் ஆசிரியர்கள் ஒரு மனிதரின் வேலையை ‘மோசம்’ என்று எழுத்தில் சொல்வது வசைக்குப் பக்கத்தில் வருகிறது. அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். ‘திருப்தியில்லை’ என்று போட வேண்டாம். மேலே நான்கும் தரத்தைச் சொல்ல, அது மட்டும் என் மனநிலையைச் சொல்லும். ‘நன்றாக இல்லை’ என்பதை முயன்று பாருங்கள்.

நான் சொல்வதை நம்பவும் வேண்டாம், சோதிக்கலாம். ஒரு தாளில் நீளக் கோடு போட்டு இடது முனையில் 0, வலது முனையில் 100 என்று எழுதுங்கள். 0 என்றால் இதைவிடக் கீழாக இருக்க முடியாது, 100 என்றால் இதைவிட மேலாக இருக்க முடியாது. போட்டியில் உள்ள சொற்களை எல்லாம் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, ஒவ்வொன்றையும் கோட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் நன்கு பழகிய சிலரிடம் ஆங்கிலச் சொற்களையும் அப்படியே கொடுங்கள். எஸ்எஃப்-36 என்ற உடல்நலக் கேள்வித்தாளைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோனபோது இந்த வகைச் சோதனையைத்தான் செய்தார்கள். அதன் முதல் கேள்வியின் விடை வரிசை உங்கள் படிவத்தில் இருக்கும் அதே ஐந்து சொற்கள். அந்த வரிசையிலும் ‘ஃபேர்’ சிக்கல் தந்திருக்கிறது. அதற்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் ‘ரெகுலர்’ என்ற சொல் ‘ஃபேர்’ஐவிட மேலே விழுகிறது என்று அமெரிக்காவில் வெகுநாளாகப் பேசுகிறார்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. சீட்டு சராசரியாக எங்கே விழுகிறது என்பது ஒன்று. ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகிறது என்பது மற்றொன்று. சராசரி சரியாக வந்தும் சிதறல் பெரிதாக இருந்தால் அந்தச் சொல்லைக் கைவிடுங்கள்.

திண்டுக்கல் செல்வி
அலுவலக நண்பர்கள், பழைய பயிலரங்குகளுக்கு வந்த சில ஆசிரியர்கள் என்று கிடைத்தவர்களிடம் சீட்டுக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். ‘மிகச் சிறப்பு’, ‘மிக நன்று’, ‘நன்று’ மூன்றும் யாரிடமும் வரிசை மாறவில்லை. ‘மோசம்’ எல்லோரிடமும் 0 முனையை ஒட்டியே விழுந்தது; ‘நன்றாக இல்லை’ அதைவிடத் தெளிவாக மேலே நின்றது, ஆங்கிலம் பழகியவர்கள் ‘புவர்’ சீட்டை வைத்த இடத்துக்குப் பக்கத்தில்.

வியப்பு ‘பரவாயில்லை’தான். ஒருவர் 60க்கு மேல் வைத்தார், அவர் பக்கத்தில் இருந்தவர் 35க்குக் கீழே வைத்தார். இருவரையும் காரணம் கேட்டேன். முதலாமவர், ‘எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தால்தானே பரவாயில்லையே என்போம்’ என்றார். மற்றவர், ‘காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் சொல்கிற சொல் அது, பொறுத்துக்கொண்டேன் என்றுதானே பொருள்’ என்றார். ‘சுமார்’ அப்படிச் சிதறவில்லை; கோட்டின் நடுவுக்குச் சற்றுக் கீழே கூடியது. ‘ஃபேர்’ சீட்டும் அங்கேதான்.

அளவுகோல்
அப்படியானால் ‘சுமார்’. ஆனால் கிடைத்தவர்களிடம் கேட்டது இது. பயிலரங்குக்கு வரப்போகும் ஆசிரியர்கள் இன்னும் சிலரிடமும் வைத்துப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர் சங்கர்
அச்சிடும் படிவத்தில் ‘சுமார்’ என்பதா? பேச்சு வாடை அடிக்கிறது. ‘சுமார் 40 பேர்’ என்ற பொருளும் குறுக்கே வரும். ‘ஓரளவு நன்று’ என்று போடலாம்.

அளவுகோல்
கட்டத்துக்குள் தனியாக நிற்கும்போது 40 பேர் யாருக்கும் நினைவுக்கு வராது. ‘ஓரளவு நன்று’ என்றால் நான்காவது கட்டத்திலும் ‘நன்று’ புகுந்துவிடும். ‘நன்று’, ‘ஓரளவு நன்று’ என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவசரத்தில் கண் வழுக்கும். ஆனாலும் அதையும் ஒரு சீட்டில் எழுதிக் கோட்டில் வைக்கச் சொல்லுங்கள் செல்வி. சங்கர் சொல்வது சரியாக இருந்தால் அது தெரிந்துவிடும்.

கோவைக் குமரன்
இத்தனைக்கும் பதில் 1 முதல் 5 வரை எண் போட்டு, இரு முனையில் மட்டும் சொல் எழுதினால் என்ன? எண்ணுக்கு மொழிபெயர்ப்பு கிடையாது.

மீனாட்சி டீச்சர்
எங்களுக்கு 1 என்றால் முதல் ரேங்க், சார். மிக நல்ல அமர்வுக்கு 1 போடுகிறவர்கள் இருப்பார்கள்.

அளவுகோல்
டீச்சர் சொன்னதோடு இன்னொன்று. அந்த மாற்றத்தைப் பெங்களூரும் செய்தால் ஒப்பிடலாம். இங்கே எண், அங்கே சொல் என்றால் பழைய கதைதான்.

திண்டுக்கல் செல்வி
தலைமையகம் படிவத்தை மாற்றாது. மூன்று ஆண்டு விவரம் அதில் இருக்கிறது. நான்காவது கட்டத்துக்கு ‘சுமார்’, ‘ஓரளவு நன்று’ இரண்டையும் அடுத்த பயிலரங்குக்கு முன் கோட்டில் வைத்துப் பார்க்கிறேன். ஐந்தாவது ‘நன்றாக இல்லை’. பெயர்க் கட்டம் போகிறது, வாசலில் பெட்டி வருகிறது.

கோவைக் குமரன்
வையுங்கள். ஆனால் சென்ற ஆண்டுகளில் இங்கே ‘பரவாயில்லை’, ‘மோசம்’ என்று நிரப்பிய படிவங்கள் இருக்குமே? பெயரையும் சொல்லையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, அடுத்த ஆண்டு சராசரி இறங்கினால் எதனால் இறங்கியது என்று தலைமையகத்துக்கு என்ன சொல்வீர்கள்?

அளவுகோல்
அந்தக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒரே பயிலரங்கில் பாதிப் பேருக்குப் பழைய சொற்களும் பாதிப் பேருக்குப் புதிய சொற்களும் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தால் சொல்லின் பங்கு மட்டும் பிரிந்து தெரியும். 40 பேர் கொண்ட ஓர் அரங்கில் சிறிய வேறுபாடு தற்செயலிலிருந்து பிரியாது. பல பயிலரங்குகளின் படிவங்களைச் சேர்த்துத்தான் பார்க்க முடியும். அதுவரை அட்டவணையில் திண்டுக்கல் வரிசைக்குக் கீழே ஒரு கோடு போட்டு, எந்தத் தேதியிலிருந்து சொற்களும் பெயர்க் கட்டமும் மாறின என்று எழுதி அனுப்புங்கள்.