ஆன்டிபயாடிக்கும் சத்து மாத்திரையும் எத்தனை மணி நேரம் தள்ளிப் போடணும்? அவசரம்

மலைப்பாதை: அம்மா ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்ட வேலை. காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று. வழக்கமான சத்து மாத்திரைகளையும் சேர்த்து, சாப்பிட்டதும் ஒன்றாக விழுங்கிவிடுகிறார். மருந்துக்கடையில் இடைவெளி விடச் சொன்னார்களாம், எவ்வளவு என்று சொல்லவில்லை. நான் கீழே சேலத்தில் இருக்கிறேன், போனில்தான் சொல்ல முடியும்.

காப்பிப்பூ: எந்த ஆன்டிபயாடிக்? எந்தச் சத்து? அட்டையில் இருக்கும் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள்.

மாங்கனி: எனக்கு நீர்க்கடுப்புக்கு சிப்ரோஃப்ளோக்சசின் கொடுத்தபோது, கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்னால் அல்லது 6 மணி நேரம் கழித்துப் போடச் சொன்னார்கள். அதையே செய்யுங்கள்.

மூத்தவன்: மருந்துப் பெயர் இல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்வது? எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் 2 மணி நேரம் விட்டால் போதும். இதற்கு ஒரு இழை வேறு.

மலைப்பாதை: டாக்ஸிசைக்ளின் 100. இடுப்பில் கருகின மாதிரி பொருக்கு இருந்தது, உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். சத்து என்றால் இரும்பும் கால்சியமும். ராத்திரி மாத்திரை போட்டுப் படுத்தால் நெஞ்சு எரிகிறதாம், அதற்கு ஒரு ரோஸ் கலர் ஜெல்லும் குடிக்கிறார். திங்கள் ராத்திரி ஆரம்பித்த மாத்திரை, இன்று வியாழன், இன்னும் 101 அடிக்கிறது.

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்: அந்த ஜெல்லை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதில் மக்னீசியமும் அலுமினியமும் இருக்கும். இரும்பு, கால்சியம் மாதிரியே அவையும் குடலில் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்துக்குப் போகாமல் அப்படியே வெளியேறிவிடும். எரிச்சலே அந்த மாத்திரையால் வந்திருக்கலாம். கொஞ்சம் தண்ணீரில் விழுங்கி உடனே படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ராத்திரி 8 மணிக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டுவிட்டு, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.

இரும்புக்கு 2 மணி நேரக் கணக்கு சரிவராது. டாக்ஸிசைக்ளின் ரத்தத்துக்குப் போன பிறகும் பித்தத்தோடு திரும்பக் குடலுக்கு வருகிறது, அங்கே இரும்பு இருந்தால் மாட்டிக்கொள்கிறது. ஊசியாக நரம்பில் ஏற்றினாலும், வாயால் இரும்பு சாப்பிட்டவர்களுக்கு அது சீக்கிரம் குறைந்துவிடுகிறது. அதனால் இந்த மாத்திரை முடியும்வரை இரும்பை நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நிறுத்த முடியாது என்றால் காலை 8, ராத்திரி 8 டாக்ஸிசைக்ளின், இரும்பு மத்தியானம் 1 மணிக்கு. கால்சியத்தை அதோடு சேர்க்கக் கூடாது, இரும்பு உடம்பில் சேர்வதை அது குறைக்கும்.

இன்னொன்று. இந்தக் காய்ச்சல் டாக்ஸிசைக்ளினுக்குப் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் இறங்கும். உங்கள் அம்மாவுக்கு அது தாண்டிவிட்டது. மருந்து சேராமல் போயிருக்கலாம், வேறு காய்ச்சலாகவும் இருக்கலாம். நேரத்தை மாற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், இன்றே திரும்பக் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ நேராகச் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

மூத்தவன்: கால்சியத்துக்கு நான் சொன்ன 2 மணி நேரம் சரிதான். அப்புறம் பால், தயிர், கேழ்வரகுக் களி எல்லாவற்றையும் நிறுத்தணும்.

காப்பிப்பூ: களியையுமா? மலையில் வேலை செய்கிறவர்கள் வேறு என்ன சாப்பிடுவார்கள்?

மூத்தவன்: 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்குப் பக்கம் கால்சியம் இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்: பழைய டெட்ராசைக்ளினுக்குப் பால் பெரிய தடை, டாக்ஸிசைக்ளினை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வயிறு புரட்டினால் சாப்பாட்டோடு போடலாம். சிப்ரோஃப்ளோக்சசினைக்கூட வெறும் பாலிலோ தயிரிலோ விழுங்கத்தான் கூடாது, சாப்பாட்டில் மோர் இருந்தால் பரவாயில்லை. களி சாப்பிடட்டும், மாத்திரையைக் கூழில் மட்டும் விழுங்க வேண்டாம். காய்ச்சல்காரரைப் பட்டினி போடாதீர்கள்.

மாங்கனி: அப்போது என்னுடைய 6 மணி நேரம் தப்பா?

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்: சிப்ரோஃப்ளோக்சசினுக்குச் சரி. லெவோஃப்ளோக்சசினுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம். மாத்திரைக்கு மாத்திரை மாறும், அதனால்தான் பெயர் கேட்கிறோம்.

மூத்தவன்: பாலால் கொஞ்சமாவது குறையும்தானே? எதற்கு அந்த ரிஸ்க்?

மலைப்பாதை: அண்ணன் அம்மாவை ஜீப்பில் கூட்டிப் போய்க் காட்டினான். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ராத்திரி அங்கேயே வைத்துப் பார்க்கிறார்கள். இரும்பும் ஜெல்லும் வேண்டாம் என்றார்கள். கால்சியம் பற்றிக் கேட்க மறந்துவிட்டானாம். நன்றி, பிறகு வருகிறேன்.

காப்பிப்பூ: காய்ச்சல் இறங்கியதா என்று எழுதுங்கள்.