புதுப்பிப்பு: தங்கச்சியின் கண் படம்

“தங்கச்சிக்குத் தலையிடி. குனிந்து நிமிர்ந்தால் சில விநாடி கண் இருட்டுது. கண் படத்தில் நரம்பு வீங்கியிருக்காம். கண் பிறஷரா?” – கிளிநொச்சியிலிருந்து நான் முன்பு கேட்டது.

சரி, விஷயம் தெரிந்துவிட்டது: கூடியிருப்பது மண்டைக்குள் அழுத்தம். கண் பிறஷர் சாதாரணம். படத்தில் இரண்டு கண்ணிலும் நரம்பு கண்ணோடு சேரும் வட்டமான நரம்புத் தட்டின் ஓரம் கலங்கி, அதைக் கடக்கும் இரத்தக் குழாய்கள் இடையிடையே மறைந்திருந்தன. கண் நரம்பைச் சுற்றிய உறைக்குள்ளும் மூளைநீர்தான் நிற்கிறதாம். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அது நேரே வந்து நரம்பை நெரிக்கும் என்றார் வைத்தியர்.

“கட்டியாக இருக்கும், முதுகில் ஊசி போட விடாதே” என்று எழுதிய அண்ணை பாதி சரி. பெரிய கட்டி இருக்கும்போது நீரை எடுத்தால் மூளை கீழே இறங்கிவிடலாம். அதனால்தான் முதலில் ஸ்கான். கட்டியும் இல்லை, நாளங்களில் இரத்தம் உறைந்திருக்கவும் இல்லை. அப்புறம் பக்கவாட்டில் படுக்கவைத்து முதுகில் ஊசி போட்டு மூளைநீரின் அழுத்தத்தை அளந்தபோது 34 சென்ரிமீற்றர் நீர் உயரம். பெரியவர்களுக்கு 25ஐத் தாண்டக்கூடாதாம்.

மூளைநீர் சுரப்பதைக் குறைக்கும் அசெற்றசோலமைட் குளிசை தொடங்கியாச்சு. விரல் நுனி விறைக்குது, சோடாகூட ருசியில்லை என்கிறாள். எடையும் குறைக்க வேண்டும். முகப்பருவுக்கு எடுத்த டொக்சிசைக்கிளினை நிறுத்தச் சொன்னார்; காரணம் அதுவா, எடையா என்று அவரே அறுதியாகச் சொல்லவில்லை.

தன் ஒற்றைத் தலையிடிக்கும் இதே குளிசை போடலாமா என்று கேட்ட அக்காவுக்கு: முதலில் கண்ணின் உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கோ. தங்கச்சிக்குப் பார்வைப் புலச் சோதனையில் குருட்டுப் புள்ளி, அதாவது எல்லோருக்கும் இயல்பாகவே பார்வை இல்லாத சின்ன இடம், பெருத்திருக்கிறது. அடுத்த கிளினிக்கில் திரும்பப் பார்ப்பார்கள்.