கலைச்சொல் வேண்டும்: Trace Bitmap

வளர்மதி: அனைவருக்கும் வணக்கம். இங்க்ஸ்கேப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, Trace Bitmap மட்டும் தமிழ்ச்சொல் இல்லாமல் நிற்கிறது. சின்ன மங்கல் லோகோவைக் கொடுத்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வடிவமாக மாற்றித் தருகிறதே, அந்த வேலை. பழைய கையேட்டில் வெக்டரைத் திசையன் என்று பெயர்த்து ‘திசையனாக்கம்’ என்று வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் இயற்பியல் பாடமா என்று கேட்கிறார்கள்.

குமரேசன்: ‘உருவரை’ இருக்கும்போது ஏன் தேட வேண்டும் அம்மா? நெடுநல்வாடையில் ‘புனையா ஓவியம்’ வருகிறது, வண்ணம் தீட்டாத வெறும் கோட்டோவியம். வரை என்பது எழுதுவதும் ஆகும், எல்லையும் ஆகும், மலையும் மூங்கிலும் ஆகும். அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். எல்லை கட்டி உரிமையாக்குவது என்ற பொருள் எல்லாவற்றிலும் ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஆகவே ‘உருவரைவு’.

ரமேஷ்: இதற்கு ஏன் இவ்வளவு? படத்தை 300 டிபிஐ ஆக மாற்றி SVG என்று சேமித்தால் முடிந்தது. ‘தரமுயர்த்தல்’ என்று போடுங்கள்.

தேவகி: ரமேஷ், SVG கோப்புக்குள் பிக்சல் படத்தை அப்படியே வைக்க முடியும் என்பது சரி. ஆனால் உள்ளே இருப்பது அதே பிக்சல்கள்தான், பெரிதாக்கினால் அதே படிக்கட்டு விளிம்பு. இங்கே நடப்பது வேறு. அடியில் வேலை செய்வது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ். அது முதலில் படத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரித்து, கறுப்பின் ஓரத்தைச் சுற்றி வந்து பலகோணமாக்கி, பிறகு வளைகோடாக மென்மையாக்குகிறது. அதனால் ‘கோட்டுருவாக்கம்’ என்று யாராவது சொல்வதற்கு முன்பே மறுத்துவிடுகிறேன். ஒரு மெல்லிய கோட்டைக் கொடுத்தால் ஒரு கோடு வராது, இரண்டு பக்க ஓரமும் உள்ள மூடிய வடிவம்தான் வரும். நடுக்கோடு வேண்டுமென்றால் அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது.

சரவணன்: நான் ஃப்ளெக்ஸ் அடிக்கிறேன், சொல் பற்றித் தெரியாது, என் பிரச்சினையைக் கேளுங்கள். ஒரு நெசவாளர் சங்க லோகோ, வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக், அகலம் 180 பிக்சல். ஓரமெல்லாம் பொடிப்பொடியாக இருந்ததால் Speckles அளவை 10 வைத்தேன். படம் பளிச்சென்று வந்தது, ஆனால் ‘நெசவாளர சஙகம’ என்று வந்தது. புள்ளி எல்லாம் போச்சு!

தேவகி: அண்ணா, அதுதான் நடக்கும். அந்த எண் எத்தனை பிக்சல் வரை உள்ள தனிப் பொட்டுகளை அழிப்பது என்பது. உங்கள் லோகோவில் மெய்யெழுத்துப் புள்ளி 3-க்கு 3, மொத்தம் 9 பிக்சல்தான் இருந்திருக்கும். ஆங்கில லோகோவில் இவ்வளவு உறைக்காது, நமக்கு உறைக்கும். முதலில் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்குங்கள், புள்ளி 12-க்கு 12, அதாவது 144 பிக்சல் ஆகிவிடும், 10 வைத்தாலும் தப்பிக்கும். கறுப்பு-வெள்ளையாக்கிய பிறகு பெரிதாக்கினால் பயனில்லை. ஓரத்தில் உள்ள சாம்பல் பிக்சல்தான் விளிம்பு சரியாக எங்கே ஓடுகிறது என்ற தகவலை வைத்திருக்கிறது, அதைத் தூக்கி எறிந்துவிட்டால் படிக்கட்டுதான் மிஞ்சும். படத்தை logo.bmp என்று சேமித்துவிட்டு, கட்டளை வரியில் இவற்றைக் கொடுங்கள்:

```
mkbitmap -n -s 4 logo.bmp -o logo.pbm
potrace -s -t 10 logo.pbm -o logo.svg
```

அப்புறம் வட்டமும் நேர்கோடும் லேசாக நெளிந்திருக்கும், வட்டத்தைச் சுற்றிக் கணக்கில்லாத கணுக்கள் இருந்தால் அதுவே அடையாளம். அவற்றை அழித்துவிட்டு வட்டக் கருவியால் புதிதாகப் போடுங்கள். எழுத்துரு கிடைத்தால் எழுத்தையும் தட்டச்சு செய்துவிடுவது மேல்.

வளர்மதி: அப்படியானால் ‘விளிம்பெடுப்பு’?

தேவகி: பொருளுக்குப் பொருந்தும். ஆனால் அதே பெட்டியில் Edge detection என்று வேறொன்று இருக்கிறது, அதற்கு ‘விளிம்பு கண்டறிதல்’ வைத்தாயிற்று. மாணவர் குழம்புவார். ‘வடிவெடுப்பு’ என்று போடலாமே. கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிறோம், அந்த ‘எடு’தான் இங்கேயும்.

நிரஞ்சன்: யாழ்ப்பாணத்திலிருந்து. நாங்கள் பள்ளியில் வெக்டருக்குக் ‘காவி’ என்றுதான் படித்தோம். இலத்தீனிலும் அது சுமந்து செல்வது என்ற பொருள்தான், காவுதல் அப்படியே பொருந்துகிறது. ‘காவியாக்கம்’ என்றால் குறை என்ன?

சரவணன்: இங்கே காவி என்றால் நிறம் சார். கடையில் அந்தச் சொல்லைச் சொன்னால் லோகோவுக்கு ஆரஞ்சு அடித்துவிடுவார்கள்.

குமரேசன்: வடிவம் வடசொல்லோடு உறவுடையது என்பார் உண்டு, ‘உரு’ ஐயமற்றது. ‘உருவெடுப்பு’ என்றால் ஒப்புவேன்.

ரமேஷ்: உருவெடுப்பது என்றால் புயல் உருவெடுப்பது போல, தானாக நடப்பது. யாரோ எடுப்பதாகத் தொனிக்காது ஐயா.

வளர்மதி: நேரமில்லை. நான்கு பேர் ‘வடிவெடுப்பு’ பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். ‘படத்திலிருந்து வடிவெடுப்பு’ என்று போட்டு, பக்கத்திலேயே Trace Bitmap என்ற திரைப்பெயரையும் வைக்கிறேன். சரவணன் அண்ணாவின் புள்ளிக் கதையை எச்சரிக்கையாகச் சேர்க்கலாமா?

சரவணன்: தாராளமாக. நான்கு மடங்கில் செய்து பார்த்தேன், மூன்று புள்ளியும் வந்துவிட்டது. ‘ங’வின் உள்வளைவு மட்டும் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

தேவகி: mkbitmap கறுப்பு-வெள்ளையாகப் பிரிக்கும் அளவு 0.45 இருக்கும், அந்த வரியில் -t 0.4, -t 0.35 என்று சேர்த்துக் குறைத்துப் பாருங்கள், கறுப்பு மெலியும்.

குமரேசன்: என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘உருவரைவு’தான்.