வெயிலில் சரியாகத் தெரிந்த படங்கள் கணினியில் ஏன் மாறிவிடுகின்றன?

தேன்சிட்டு:
நண்பகலில் திறந்தவெளியில் எடுத்த படங்களில் வெள்ளை உடை மடிப்புகளே தெரியாமல் வெளுத்துவிட்டது. அதே நாள் மாலையில் எடுத்தவை இருண்டு கிடக்கின்றன. இரண்டுமே கேமராத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தன. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்று திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருந்தேன். அதை எந்த அளவில் வைப்பது?

வெயிலோன்:
பின்திரையை நம்பியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். வெயிலில் கண்ணை வியூஃபைண்டரில் வைத்துப் பாருங்கள். வெளி வெளிச்சம் உள்ளே நுழையாது. அதில் எப்படித் தெரிகிறதோ அப்படியே படமும் வரும். படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமையும் பார்க்க விரும்பினால், மேடு நடுவில் இருக்கும்படி வைத்தால் போதும்.

அகல்விழி:
வெயிலோன் கூறுவதில் முதல் பாதியை ஏற்கிறேன். மறுபாதி தேன்சிட்டின் நண்பகல் படங்களை இன்னும் மோசமாக்கியிருக்கும்.

ஒரே திரை அளவு எதிரெதிரான இரண்டு பிழைகளை எப்படி உண்டாக்கியது என்பதை முதலில் பார்ப்போம். உச்சி வெயிலில், உச்ச அளவில் வைத்த திரைகூட மங்கலாகவே தெரியும். அந்த மங்கலைப் படத்தின் இருட்டு என்று கண் எடுத்துக்கொள்வதால், கை தானாக எக்ஸ்போஷரைக் கூட்டிவிடுகிறது. மாலையில் சுற்றுப்புறம் இருண்டு, கண்ணும் அதற்குப் பழகிய பிறகு, அதே திரை விளக்குபோல ஒளிர்கிறது. குறைவாக எக்ஸ்போஸ் ஆன படமும் அதில் நிறைவாகத் தெரிவதால், திருத்த வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. ஆகவே திரையை உச்ச அளவிலிருந்து இறக்கி, நடு அளவில் நிலையாக வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் மிதமான வெளிச்சத்தில், நன்கு சீர்செய்த கணினித் திரையில் ஒரு படத்தைத் திறந்து, அதே படத்தைக் கேமராவிலும் காட்டி, இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். வெயிலில் அது மங்கலாகத் தெரிந்தால், சட்டகத்தையும் குவியத்தையும் சரிபார்ப்பதற்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு, நிழலுக்கு வந்தவுடன் பழைய அளவுக்குத் திருப்பிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வியூஃபைண்டர் பற்றியும் ஒரு சொல். சுட்டெரிக்கும் வெயிலைப் பார்த்துவிட்டுக் கண்ணை அதில் வைத்தால், சுருங்கிய பாவை விரிவதற்குச் சிறிது நேரம் ஆகும். அதுவரை உள்ளே இருப்பது எல்லாம் இருட்டாகத் தோன்றும். எக்ஸ்போஷர் முன்காட்சி அணைக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஷட்டரை எவ்வளவு மாற்றினாலும் வியூஃபைண்டர் ஒரே வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

நீள்நிழல்:
எனக்கும் இதே தொல்லைதான். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் திரை முழுதும் கறுத்துவிடுகிறது, கிடையாகப் பிடித்தால் சரியாக இருக்கிறது. திரை வெளிச்சத்தைக் கூட்டினால் படமும் வெளுத்துவிடுமோ என்ற அச்சத்தில் அதைத் தொடாமலே வைத்திருக்கிறேன்.

அகல்விழி:
உங்கள் சிக்கல் வேறு, நண்பரே. நீங்கள் அணிந்திருப்பது போலரைஸ்டு குளிர்கண்ணாடியாக இருக்கலாம். அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். திரையின் வெளிச்சம் பதிவாகும் படத்தை எவ்வகையிலும் மாற்றாது. உங்கள் தீர்ப்பை மட்டுமே மாற்றும்.

வெயிலோன்:
மேடு நடுவில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதில் என்ன தவறு? மீட்டரும் நடுத்தரச் சாம்பலைத்தானே தேடுகிறது?

அகல்விழி:
மீட்டர் தேடுவதும் காட்சியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேன்சிட்டு, உங்கள் நண்பகல் படத்தில் பின்னணி என்ன, அளவுகள் என்ன?

தேன்சிட்டு:
பின்னால் அடர்ந்த கரும்பச்சை மரவேலி; சட்டகத்தில் முக்கால் பங்கு அதுதான். ஐஎஸ்ஓ 200, f/8, 1/400. மீட்டர் கொடுத்ததை அப்படியே வைத்தேன். வெள்ளை உடை நேர்வெயிலில் இருந்தது.

அகல்விழி:
நடந்தது இப்போது விளங்குகிறது. தெளிந்த வெயிலில் நிற்கும் பொருளுக்கு f/16 வைத்து, ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழை ஷட்டராக வைப்பது பழைய கணக்கு. ஐஎஸ்ஓ 200க்கு அது f/16, 1/200; அதையே f/8க்கு மாற்றினால் 1/800. உங்கள் மீட்டரோ இருண்ட வேலியைச் சாம்பலாக்க முயன்று ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி, கூட்டிவிட்டது. அந்த ஒரு ஸ்டாப்தான் உடையின் மடிப்புகளை விழுங்கியது.

1/800 வைத்து எடுத்திருந்தால் ஹிஸ்டோகிராமில் பெரிய மேடு இடப்பக்கம் சாய்ந்திருக்கும்; அது வேலி. வலப்பக்கத்தில், விளிம்பைத் தொடாமல் சற்று உள்ளே தள்ளி ஒரு சிறு முளை நின்றிருக்கும், அது உடை. அந்தக் காட்சிக்குச் சரியான வடிவம் அதுவே. பெரிய மேட்டை நடுவுக்கு இழுத்தால் சிறு முளை வலச்சுவரில் மோதி நசுங்கிவிடும். மேடு எங்கே இருக்கிறது என்பதைவிட, காட்சியில் நீங்கள் காக்க விரும்பும் மிக வெளிச்சமான பொருள் எங்கே நிற்கிறது என்பதையே பார்க்க வேண்டும். வெளுத்த இடங்கள் மினுக்கும் எச்சரிக்கையையும் இயக்கிவையுங்கள். பித்தானின் பளபளப்பு மட்டும் மினுக்கினால் விட்டுவிடலாம். தோள்பட்டை முழுதும் மினுக்கினால் ஷட்டரை மூன்றில் ஒரு ஸ்டாப் வேகப்படுத்தி மீண்டும் எடுங்கள்.

மாலைப் படங்களுக்கும் இதே வழிதான். வெள்ளை உடை சட்டகத்தில் இருந்தும் ஹிஸ்டோகிராமின் வலப்பகுதி வெறுமையாகக் கிடந்தால், திரை எவ்வளவு அழகாகக் காட்டினாலும் படம் குறைவாகவே எக்ஸ்போஸ் ஆகியிருக்கிறது. வெள்ளையே இல்லாத மங்கிய மாலைக் காட்சி என்றால் அந்த வெறுமை இயல்பானது. அதை நிரப்பப் போனால் மாலை பகலாகிவிடும்.

மறையொளி:
அகல்விழி சொல்வது ஜேபெக் எடுப்பவர்களுக்குப் பொருந்தும். நான் கேமரா செயலாக்காத ரா கோப்புகளாக மட்டுமே எடுக்கிறேன். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம், நாம் தேர்ந்தெடுத்த படப்பாணியின் கான்ட்ராஸ்ட் ஏறிய ஜேபெக்கிலிருந்து வருவது. அது சுவரில் மோதும்போதும் ரா கோப்பில் பெரும்பாலும் இடம் மிச்சம் இருக்கிறது. ஆகவே நான் வேண்டுமென்றே சற்று மினுக்க விடுகிறேன். நிழல்களில் இரைச்சல் குறைகிறது. 1/800 வைத்தால் அந்த வேலி கருங்குழியாகிவிடும்.

அகல்விழி:
மிச்சம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. எவ்வளவு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். இழைநயம் உள்ள வெள்ளைத் துண்டு ஒன்றை வெயிலில் விரித்து, மினுக்கல் தொடங்கும் இடத்திலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் கூட்டிக்கொண்டே எடுத்து, கணினியில் இழை மீளாத முதல் படம் எது என்று பார்த்தால் உங்கள் கேமராவின் எல்லை தெரிந்துவிடும். படப்பாணியில் கான்ட்ராஸ்டைக் குறைத்துவைத்தால் ஹிஸ்டோகிராமும் ராவுக்குச் சற்று நெருங்கிவரும். ஆனால் வெள்ளையில் கண்ட எல்லையைச் செந்நிற உடைக்கு அப்படியே கொண்டுசெல்ல வேண்டாம். ஒற்றை ஒளிர்வு ஹிஸ்டோகிராமில் பச்சைக்கே எடை அதிகம். அது வலச்சுவரிலிருந்து வெகுதொலைவில் நிற்கும்போதே சிவப்பு மட்டும் தனியே வெட்டுப்பட்டிருக்கலாம். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமில்தான் அது தெரியும்.

மறையொளி:
துண்டுச் சோதனையைச் செய்து பார்க்கிறேன். ஆயினும் வேகமாக நகரும் மனிதர்களை எடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் வலவிளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. வெயிலோன் சொல்வதுபோல வியூஃபைண்டரைப் பார்த்தே முடிவெடுக்க நேரிடும்.

வெயிலோன்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மேடு பற்றிய என் கருத்தை விட்டுவிடுகிறேன். வியூஃபைண்டர் பற்றியதை விட மாட்டேன்.

அகல்விழி:
வெளிச்சம் மாறாத இடத்தில் ஒருமுறை ஹிஸ்டோகிராமைப் பார்த்து, மேனுவலில் அளவைப் பூட்டிவிட்டால், பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பார்க்க வேண்டியதில்லை. மேகம் வந்து போகும் நாளில் இது உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தேன்சிட்டு:
திரையை நடு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் கேமராவில் வியூஃபைண்டரின் வெளிச்சத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது. அது இன்னும் தானியங்கியில் உள்ளது. அதையும் நிலைப்படுத்த வேண்டுமா?

அகல்விழி:
நிலைப்படுத்துங்கள், பின்திரையில் பார்த்த அதே படத்தை அதிலும் போட்டுப் பார்த்து ஒத்த அளவில் வையுங்கள்.

வெயிலோன்:
நான் தானியங்கியிலேயே விடுவேன். வெயிலில் அது கூடாவிட்டால் முகபாவமே தெரிவதில்லை.